லீவில் இருப்பவருக்கும் சொல்ல வேண்டும்

அந்த பிஸ்கட் ஆலையின் மனிதவளப் பிரிவில் உதவியாளராக இருந்த பெண்ணை எல்லோரும் நோட்டீஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட நாலைந்து வயது மூத்தவர்களும் கூச்சமில்லாமல் அக்கா என்பார்கள். "எனக்கு முன்னாடி பொறந்துட்டு என்னை அக்காங்கிறீங்களே, நியாயமா?" என்று கேட்டுக்கொண்டே அவர் லீவுச் சீட்டை வாங்கி முத்திரை குத்துவார்.

ஆலையில் ஓர் இடம் காலியானால் வெளியே விளம்பரம் கொடுப்பதற்கு முன்னால் உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிப்பைத் தட்டச்சு செய்வது, வாசலிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் உடை மாற்றும் இரண்டு அறைகளிலும் ஒட்டுவது, விண்ணப்பங்களை வாங்கித் தேதி போடுவது, முடிவைச் சொல்வது எல்லாம் அக்காவின் வேலை. ஒவ்வொரு தாளுக்கும் நாலு மூலையிலும் நாலு குண்டூசி குத்துவார். அடுப்புகளின் அனல் ஆலை முழுக்க இருப்பதால் ஒற்றை ஊசியில் தொங்கும் தாள் அரை நாளில் சுருண்டுவிடும். சுருண்ட தாளை யாரும் நின்று விரித்துப் படிக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டு மாடியில் ஓர் அறை. காலையில் தம்பி மகளுக்குப் பின்னல் போட்டுவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் ஆலையில் இருப்பார். இருபத்தாறு வருடம் இப்படியே ஓடியது. அவர் பேரைச் சொல்லிக்கொள்ளும்படி அங்கே ஒரே ஒரு காரியம் நடந்திருந்தது. அதற்குக் காரணம் ஓவன்காரர்.

ஓவன்காரர் என்பது இரண்டாம் எண் அடுப்பை ஓட்டுகிறவர். அந்த அடுப்பு ஒரு தெரு நீளம் இருக்கும். ஒரு முனையில் பச்சை மாவு வில்லைகளாகப் போய் மறுமுனையில் பிஸ்கட்டாக வெளியே வரும். நடுவில் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஓவன்காரர் வாசனையை வைத்தே மூன்றாவது பகுதியில் சூடு ஏறிவிட்டது, ஐந்தாவதில் ஈரம் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். கருவியில் எண் மாறுவதற்குள் அவர் கை திருகில் இருக்கும். வாயைத் திறந்து பேசுகிற ஆள் இல்லை. பேசினால் மெல்லத்தான் பேசுவார்.

ஏழு வருடத்துக்கு முன்னால் பயிற்சியாளர் இடம் ஒன்று காலியானது. புதிதாக வருகிறவர்களுக்கு அடுப்பு வேலை சொல்லிக்கொடுக்கும் வேலை. பகல் வேலை மட்டும்தான். ராத்திரி ஷிப்ட் கிடையாது. ஓவன்காரர் விண்ணப்பம் எழுதினார். அப்போதிருந்த விதிப்படி, விண்ணப்பத்தில் மேலாளர் சம்மதக் கையெழுத்து இருந்தால்தான் மனிதவளப் பிரிவு அதை வாங்கலாம். உற்பத்தி மேலாளர் எந்நேரமும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவதால் அவருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். அவர் "பார்க்கலாம், வச்சிட்டுப் போங்க" என்று தாளை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். ஓவன்காரர் தினமும் போய் நின்றார். "நாளைக்கு", "இன்னைக்கு மீட்டிங்", "அட, மறந்தே போச்சு" என்று நாள் போனது. கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்கா விண்ணப்பம் போடும் பெட்டியைத் திறந்தபோது அதில் ஓவன்காரர் விண்ணப்பம் இல்லை.

ஆறு மணிக்கு அவரே கையெழுத்தில்லாத தாளோடு வந்து நின்றார். "முடிஞ்சு போச்சாக்கா?" என்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். "சரி விடுங்க. நல்லா வேலை செஞ்சது தப்பாப் போச்சு" என்று சிரித்தபடி போய்விட்டார். அந்தச் சிரிப்பு அக்காவை விடவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அக்கா ஓயவில்லை. தனக்கு மேலே இருந்த மனிதவள அதிகாரியை நச்சரித்து, தொழிற்சங்கக்காரர்களைப் பேசவைத்து, எந்தெந்த வருடம் யார் யாருடைய விண்ணப்பம் எந்தெந்த இழுப்பறையில் தூங்கியது என்று பட்டியல் போட்டுக் காட்டி, விதியை மாற்ற வைத்தார். புதிய விதி இரண்டு பக்கம். இப்போதைய வேலையில் இரண்டு வருடம் முடித்தவர், கடந்த பன்னிரண்டு மாதத்தில் எழுத்து மூலமான எச்சரிக்கை வாங்காதவர், கடைசி வருட மதிப்பீட்டில் 'திருப்தி' அல்லது அதற்கு மேல் பெற்றவர் யாரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் நேராக மனிதவளப் பிரிவுக்கே வரும். மேலாளருக்கு ஒரு பிரதி போகும். மூன்று வேலை நாளுக்குள் அவர் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ஆட்சேபம் இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அது ஆலைத் தலைவரிடம் போகும். 'இந்த ஆள் எனக்குத் தேவை' என்பது காரணம் ஆகாது. அப்படித் தேவை என்றால் மாற்று ஆள் தயாராகும்வரை அறுபது நாள் மட்டும் நிறுத்தி வைக்கலாம், அதற்கு மேல் ஒரு நாளும் கூடாது.

அறிவிப்புக்கும் விதி இருந்தது. ஏழு வேலை நாள் பலகையில் இருக்க வேண்டும். போனில் குறுஞ்செய்தியும் போக வேண்டும். லீவில் இருப்பவர்களை மனிதவளப் பிரிவே கூப்பிட்டுச் சொல்லி, சொன்ன தேதியையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். இந்தக் கடைசி வரி அக்கா சொல்லிச் சேர்த்தது. பிரசவ லீவில் போன ஒரு பெண் திரும்பி வருவதற்குள் ஓர் இடம் கைமாறிப் போயிருந்ததை அவர் பார்த்திருந்தார்.

விதி வந்தது. ஆனால் பயிற்சியாளர் இடம் காலியாகவில்லை. அதில் உட்கார்ந்தவர் ஓய்வு பெற இன்னும் எட்டு வருடம் இருந்தது. ஓவன்காரர் இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் ராத்திரி என்று அடுப்போடு நின்றார். அக்காவை எங்கே பார்த்தாலும், "என்னக்கா, நம்ம நோட்டீஸ் எப்ப?" என்பார். "வரும்ணே, வராம எங்க போயிடும்" என்பார் அக்கா. மற்றவர்களும் கேட்டுச் சிரிப்பார்கள்.

பிறகு ஓவன்காரர் மனைவிக்கு உடம்புக்கு வந்தது. வயிற்றில் கட்டி. கண்டுபிடிக்கும்போதே முற்றியிருந்தது. நாலு மாதம் வைத்தியம் பார்த்துவிட்டு, வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரே மகள் கட்டிக்கொடுத்த இடம் தூரம், கையில் பால்குடி. வந்து வந்து போகத்தான் முடிந்தது. ஓவன்காரர் ஒரு மாதம் லீவு எழுதிக்கொடுத்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் சேர்ந்தாற்போல் எடுத்த முதல் நீண்ட லீவு அது. அக்காதான் அந்தத் தாளில் முத்திரை குத்தினார்.

"பத்திரமாப் பாத்துக்கங்கண்ணே. இங்க எதையும் யோசிக்காதீங்க."

"யோசிக்க என்னக்கா இருக்கு. அடுப்பு அது பாட்டுக்கு எரியும்" என்றார் அவர்.

அவர் போன இரண்டாவது வாரம், திங்கட்கிழமை காலை, பயிற்சியாளர் இடத்துக்கான அறிவிப்பு அக்கா மேசைக்கு வந்தது. பழைய பயிற்சியாளருக்குக் கண்பார்வை மங்கி, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். ஆலையில் நாலாம் எண் அடுப்பு வரப்போகிறது, பதினைந்து புது ஆட்கள் வருகிறார்கள், அதனால் ஏழு நாளுக்குப் பிறகு ஒரு நாளும் தள்ளக்கூடாது என்று ஆலைத் தலைவர் ஓரத்தில் எழுதியிருந்தார்.

அக்காவுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. நாலு பலகையிலும் நாலு நாலு ஊசி குத்தி ஒட்டினார். திரும்பி வந்து லீவுப் பதிவேட்டைத் திறந்தார். மூன்று பேர் லீவில் இருந்தார்கள். கால் முறிந்து கிடந்தவரைக் கூப்பிட்டுச் சொன்னார். பிரசவத்துக்குப் போனவளைக் கூப்பிட்டுச் சொன்னார். மூன்றாவது பெயர் ஓவன்காரருடையது. அவர் வைத்திருந்தது பழைய பட்டன் போன். குறுஞ்செய்தி எதையும் அவர் பார்ப்பதே இல்லை. கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அக்கா எண்ணைப் போட்டார். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார்.

தன் அப்பா இறந்த நாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பதினோரு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஆலையிலிருந்து போன் வந்தது. பழைய கோப்புகள் வைத்த பீரோவின் சாவி எங்கே என்று யாரோ கேட்டார்கள். அக்கா வராந்தாவுக்குப் போய், இரண்டாவது இழுப்பறை, நீல டப்பா, இல்லை அது இல்லை, அதற்குப் பின்னால் என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி உள்ளே வந்தபோது அப்பா இல்லை. சாவி கிடைத்துவிட்டது.

சாகக் கிடக்கிற பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதனைக் கூப்பிட்டு, உங்களுக்குப் பிடித்த வேலை காலியாகியிருக்கிறது, வந்து எழுதிக்கொடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? அக்காவால் முடியவில்லை. பதிவேட்டில் 'தகவல் சொன்ன நேரம்' என்ற கட்டத்தில் 'பிறகு' என்று எழுதினார். நாளைக்குப் பேசலாம் என்றுதான் நினைத்தார். செவ்வாய்க்கிழமை, அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்குகிறது என்று கேள்விப்பட்டார். புதன்கிழமை பேசவில்லை. வியாழக்கிழமை அதிகாரியிடம் போனார்.

"சார், கடைசித் தேதியை ஒரு வாரம் தள்ளலாமா?"

"ஏன்?"

அக்கா தடுமாறினார். "லீவுல இருக்கறவங்க இருக்காங்களே..."

"லீவுல இருக்கறவங்களுக்குச் சொல்லியாச்சுல்ல? அப்புறம் என்ன? மூணு விண்ணப்பம் வந்திருக்கு, மூணும் நல்ல விண்ணப்பம். ஆலைத் தலைவர் என் தலைமேல உக்காந்திருக்காரு, தள்ளவே முடியாது."

சொல்லவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அதிகாரி பொல்லாதவர் இல்லை, கேட்டிருப்பார். ஆனால் அக்கா பேசாமல் திரும்பி வந்துவிட்டார். விதியைக் கொண்டுவந்தவளே விதியை மீறினாள் என்ற பேச்சுக்குப் பயந்தாரா, அந்த வீட்டுக்குப் போன் போகாமல் இருந்தால் போதும் என்று இருந்தாரா, பின்னால் எவ்வளவு யோசித்தும் அவருக்கே பிடிபடவில்லை.

அடுத்த புதன்கிழமை நேர்காணல் முடிந்தது. பேக்கிங் பிரிவில் ஆறு வருடம் இருந்து, பிறகு இரண்டரை வருடம் ஒன்றாம் எண் அடுப்பில் உதவி ஆளாக இருந்த ஒரு பெண் தேர்வானாள். கெட்டிக்காரி. எழுதிக்காட்டி, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, நேர்மையாக ஜெயித்தாள். தேர்வாகாத இருவரையும் அக்கா தனித்தனியாகக் கூப்பிட்டுக் காரணம் சொன்னார். அதன் பிறகுதான் முடிவைப் பலகையில் ஒட்டினார். எல்லாம் விதிப்படி நடந்தது, ஒன்றைத் தவிர.

அந்த வெள்ளிக்கிழமை ஓவன்காரர் மனைவி இறந்தார்.

ஆலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் போனார்கள். அக்காவும் போனார். சின்ன வீடு, சுத்தமாகத் துடைத்த தரை. ஜன்னல் ஓரத்தில் நோயாளி சாய்ந்து உட்காருவதற்காக மரப்பெட்டிகளை அடுக்கி ஓவன்காரரே ஒரு சாய்மானம் செய்திருந்தார். அவர் மூலையில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். "வந்தீங்களாக்கா" என்றார். அக்கா தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். ஆலைக்காரர்கள் யாரும் வேலையைப் பற்றிப் பேசவில்லை. லீவில் இருப்பவருக்கு ஆபீசே சொல்லியிருக்கும், இந்த நிலைமையில் வேண்டாம் என்று விட்டிருப்பார் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

பத்து நாள் கழித்து, லீவு முடிந்து, ஓவன்காரர் வேலைக்கு வந்தார். வாசலில் அட்டை தட்டிவிட்டு உள்ளே போனவர் இரண்டாம் அடுப்பருகே, பயிற்சியாளர் போடும் மஞ்சள் மேல்சட்டையில் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். பிறகு நேராக மனிதவள அறைக்கு வந்தார். இறப்புச் சான்றிதழின் பிரதியை அக்கா மேசைமேல் வைத்தார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார்.

"அக்கா, அந்த டிரெய்னர் நோட்டீஸ் எந்தத் தேதியில வந்துச்சு?"

அக்கா தேதியைச் சொன்னார்.

"அப்ப நான் லீவுல இருந்தேன்."

"ஆமாண்ணே."

"என் போனுக்கு ஏதும் வந்துச்சா? நான் கவனிக்காம விட்டுட்டனா? அந்த நேரத்துல எனக்கு எதுவும் ஓடல. பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட போனைக் குடுத்துப் பாக்கச் சொன்னேன். ஒண்ணும் காணோங்கிறான்."

அவர் தன் பேரில்தான் தப்பு இருக்கும் என்று நினைத்துக் கேட்கிறார் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தார். 'பிறகு' என்று எழுதியிருந்த கட்டத்தில் விரலை வைத்தார்.

"உங்க மேல தப்பில்லண்ணே. நான் கூப்பிடல. நான்தான் கூப்பிட்டிருக்கணும். அண்ணி அப்படி இருக்கும்போது உங்களை எப்படி... எனக்கு மனசு வரல. நானாவே முடிவு பண்ணிட்டேன்."

ஓவன்காரர் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மாவு வண்டி பின்னால் நகர்கிற மணி கேட்டது.

"அவ கேட்டுட்டே இருந்தாக்கா" என்றார்.

"யாரு?"

"என் சம்சாரம். தினம் காலையில கண்ணைத் தொறந்ததும், நோட்டீஸ் வந்துச்சான்னு கேப்பா. ஏழு வருசமா கேட்டதுதான். ராத்திரி ஷிப்டுன்னா அவளுக்குத் தனியா இருக்கப் பயம். அதுக்காகத்தான் நான் அந்த வேலைக்கு அவ்வளவு அலைஞ்சது. இப்ப எதுக்கும்மா இதைக் கேக்கறேன்னேன். நான் போனதுக்கப்புறமாவது நீங்க ராத்திரி தூங்கணும்னு சொன்னா. நான் தினம் இல்லம்மா, இன்னும் வரலன்னேன். வந்து பலகையில ஒட்டிக் கெடந்திருக்கு. நான் வரலன்னு சொல்லியிருக்கேன்."

அக்கா பதிவேட்டை மூடினார்.

"விண்ணப்பம் போட்டிருப்பனா, தெரியாது. போட்டிருந்தா கெடைச்சிருக்குமா, அதுவும் தெரியாது. ஆனா வந்துடுச்சும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அவ கேட்டுட்டுப் போயிருப்பா. அவ்வளவுதான்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று அக்கா பல நாள் நினைத்தார். அவர் எழுந்து, சான்றிதழ் பிரதியில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டு, போட்டுவிட்டு அடுப்புக்குப் போனார்.

அன்று மத்தியானமே அக்கா தன்னைப் பற்றிய புகாரைத் தானே எழுதினார். சுற்றி வளைக்காமல், இன்ன தேதியில் இன்னாருக்குத் தகவல் சொல்ல வேண்டியது என் பொறுப்பு, சொல்லவில்லை, கடைசித் தேதியைத் தள்ளக் கேட்டபோதும் உண்மையை மறைத்தேன் என்று எழுதி, பதிவேட்டுப் பக்கத்தின் நகலை இணைத்து அதிகாரியிடம் கொடுத்தார். அதிகாரி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை நீங்க கொடுக்கலன்னா யாருக்கும் தெரியப்போறதில்ல. அவரு புகார் பண்ற ஆளும் இல்ல."

"அதனாலதான் சார் குடுக்கறேன்."

மறுவாரம் ஆலைத் தலைவர் அறையில் கூட்டம். அதிகாரி, ஸ்டாப்வாட்ச், தொழிற்சங்கச் செயலாளர், ஓவன்காரர், அக்கா. அதிகாரி விதியை எடுத்துச் சொன்னார். தகவல் தெரிவிக்கப்படாத, தகுதியுள்ள ஒருவர், தனக்குத் தெரியவந்த நாளிலிருந்து பத்து வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் தேர்வைத் திரும்ப நடத்தலாம். தேர்வான பெண் மூன்று மாதச் சோதனைக் காலத்தில்தான் இருக்கிறாள். அவளுடைய பழைய இடம் இன்னும் நிரப்பப்படவில்லை. ஆகையால் அவளும் திரும்பப் போக வழி இருக்கிறது. ஓவன்காரருக்குத் தகுதி எல்லாம் இருக்கிறது: பத்தொன்பது வருடம், ஒரு எச்சரிக்கைகூட இல்லை, மதிப்பீடு எல்லா வருடமும் 'மிக நன்று'.

ஸ்டாப்வாட்ச் தொண்டையைச் செருமினார். ஏழு வருடத்தில் அவருக்கும் தலை நரைத்திருந்தது. "இந்தத் தடவை பேர் வந்திருந்தா மூணு நாள்கூட ஆயிருக்காது. அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஓவன்காரர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "போட்டிருப்பீங்க சார்" என்றார். அதில் குத்தல் இல்லை. ஆனாலும் ஸ்டாப்வாட்ச் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்க விருப்பம் என்ன? எழுதித் தர்றீங்களா?" என்று ஆலைத் தலைவர் கேட்டார்.

"வேணாம் சார். அந்தப் பொண்ணு நல்லாச் சொல்லிக்குடுக்குது. நான் பாத்தேன். அதைக் கீழ எறக்கிட்டு நான் போய் நிக்கறதா? எனக்கு இப்ப பகல்ன்னாலும் ஒண்ணுதான், ராத்திரின்னாலும் ஒண்ணுதான். வீட்டுல யாரு காத்திருக்கா?"

தொழிற்சங்கச் செயலாளர் விடவில்லை. "அண்ணே, இது உங்க உரிமை. ஆத்திரத்துல விட்டுக்குடுக்காதீங்க. நாளைக்கு இன்னொருத்தனுக்கு இதே நடக்கும்."

"ஆத்திரமெல்லாம் இல்லப்பா. இன்னொருத்தனுக்கு நடக்காம இருக்க என்ன பண்ணணுமோ அதைப் பண்ணுங்க. என்னை விட்டுடுங்க."

பத்து நாள் அவகாசம் இன்னும் முடியவில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று அதிகாரி சொல்லி அனுப்பினார். மறுநாள் பயிற்சியாளர் பெண்ணே அவரைத் தேடி அடுப்பருகே போய், "அண்ணே, நான் பழைய எடத்துக்கே போயிடறேன், எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்று அழுதாள். "வருத்தமில்லாமத்தான் அழறியாக்கும்" என்று ஓவன்காரர் அவளை விரட்டினார். பத்தாம் நாளும் போயிற்று. அவர் எதையும் எழுதிக்கொடுக்கவில்லை. அந்த வேலை அவளுடையதாயிற்று.

அக்காவுக்கு எழுத்து மூலமான எச்சரிக்கை கிடைத்தது. அதிகாரி கொடுக்கத் தயங்கினார். அக்காதான் கேட்டு வாங்கினார். நாலு மாதம் கழித்து மனிதவளத் துணை அதிகாரி இடம் காலியானது. இருபத்தாறு வருடத்தில் அக்காவுக்கு ஏற்ற ஒரே இடம் அதுதான். அறிவிப்பை அவரே தட்டச்சு செய்து, அவரே ஒட்டினார். பன்னிரண்டு மாதத்துக்குள் எச்சரிக்கை வாங்கியவர் விண்ணப்பிக்கக் கூடாது என்ற வரியை ஒருமுறை சரிபார்த்தார். கணினியில் மட்டும் வேலை பார்த்துப் பழகிய இளைஞர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்து, அக்காவிடமே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தம்பி மனைவிக்குத்தான் ஆறவில்லை. "அடுத்தவங்க வீட்டுத் துக்கத்துக்கு நீங்க பாவம் பார்த்ததுக்கு இதுவா?" என்றாள். "நான் பாவம் பார்த்தது அவங்களைன்னு நெனைச்சியா?" என்று கேட்டுவிட்டு அக்கா மாடிக்குப் போய்விட்டார்.

அந்த வருடம் விதியில் ஒரு வரி சேர்ந்தது. லீவில் இருப்பவர் எந்தக் காரணத்துக்காக லீவில் இருந்தாலும், நோயானாலும் துக்கமானாலும், தகவல் சொல்லப்பட வேண்டும். வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர் மட்டுமே. 'பிறகு' என்ற குறிப்புடன் எந்தப் பெயர் இருந்தாலும் அறிவிப்பை மூடக்கூடாது.

ஓவன்காரர் அதன்பின் ஐந்து வருடம் அடுப்போடு இருந்து ஓய்வு பெற்றார். அக்காவிடம் எப்போதும் போலவே பேசினார். அக்கா என்றுதான் கூப்பிட்டார். ஆனால் அவர் ஒருநாளும் நோட்டீஸ் எப்ப வரும் என்று கேட்கவில்லை. பலகையருகே நிற்காமல் கடந்து போவார். அந்த மௌனம் ஒவ்வொரு தடவையும் அக்காவைச் சுட்டது. ஓய்வு பெற்ற அன்று ஆலையில் போட்ட மாலையை ஓவன்காரர் யாரிடமோ கொடுத்துவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்கு வழக்கம்போல் நடந்தே போனார். மகளோடு போய் இருந்தார் என்று பின்னால் கேள்வி.

அக்கா இன்னும் மூன்று வருடம் வேலையில் இருந்தார். ஒரு தடவை மாவு பிசையும் பிரிவில் ஒருவரின் தாய் இறந்து மூன்றாம் நாள். ஒரு மேற்பார்வையாளர் இடம் அன்றைக்குத்தான் அறிவிப்பானது. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு எண்ணைப் போட்டார். மறுமுனையில் ஆட்களின் பேச்சும் ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன.

"தம்பி, ஆபீஸ்ல இருந்து பேசறேன். உங்க அம்மா விஷயம் தெரியும். இந்த நேரத்துல கூப்பிடறது சரியில்ல, அதுவும் தெரியும். ஆனா ஒரு அறிவிப்பு வந்திருக்கு. சொல்லாம இருக்க எனக்கு உரிமை இல்ல."

"ஏங்க, உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? எங்க அம்மா போய் மூணு நாள்தாங்க ஆச்சு!" என்று அந்த ஆள் கத்தினான். இன்னும் என்னென்னவோ சொன்னான். அக்கா குறுக்கே பேசவில்லை. அவன் ஓய்ந்ததும், வேலையின் பெயரையும் கடைசித் தேதியையும் நிதானமாகச் சொன்னார். விண்ணப்பத் தாளை வீட்டுக்கே கொடுத்தனுப்பவா என்று கேட்டார். போன் வைக்கப்பட்டுவிட்டது.

அக்கா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டை இழுத்தார். மணி பதினொன்று இருபது. கட்டத்தில் நேரத்தை எழுதி, பக்கத்தில் 'பதில் இல்லை. நாளை மறுபடி' என்று குறித்துவிட்டு, விண்ணப்பத் தாள் ஒன்றை எடுத்து உறையில் போட்டார்.